ஆடு எந்தப் பக்கம் ஓடுகிறது?

வரவேற்பறையின் தரையில் ஒரு பொம்மை ரயில் பறக்கிறது. முன்னால் வைரத்தோடு தப்பி ஓடும் ஒரு பெங்குவின், அதன் கையில் துப்பாக்கி. பின்னால் ஒரு நாய். துரத்தலில் நாயின் எஜமானரும் எக்கச்சக்கமாக மாட்டிக்கொண்டு வருகிறார். நாய்க்கும் வாய் இல்லை, பெங்குவினுக்கும் வாய் இல்லை. யாரும் யாருக்கும் எதையும் விளக்குவதில்லை. ஆனாலும் நான்கு வயதுக் குழந்தை முதல் தாத்தா வரை, யார் எங்கே இருக்கிறார்கள், யார் யாரை நெருங்குகிறார்கள், அடுத்து என்ன விபரீதம் காத்திருக்கிறது என்பதில் ஒருவருக்கும் ஒரு கணம்கூடக் குழப்பம் வருவதில்லை.

‘தி ராங் ட்ரௌசர்ஸ்’ என்ற இந்த அரை மணி நேரப் படத்தை இங்கிலாந்தின் ஆர்ட்மேன் ஸ்டுடியோவுக்காக நிக் பார்க் இயக்கினார். 1993இல் வெளிவந்து, மறு ஆண்டு சிறந்த அனிமேஷன் குறும்படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. களிமண் போன்ற பொம்மைகளைத் துளித்துளியாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் ஒரு படமாக எடுத்துக் கோக்கும் முறை அது. முழு நாள் உழைத்தாலும் கையில் மிஞ்சுவது சில நொடிக் காட்சிதான். அப்படிப்பட்ட ஊடகத்தில் ‘எதற்கும் இன்னொரு கோணத்திலும் எடுத்து வைப்போம், எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. நடிகர்களை வைத்து எடுக்கும் சண்டைக் காட்சியில் மூன்று கேமராக்கள் சுழலும். எடிட்டர் மேசையில் அமர்ந்து மூன்றிலிருந்தும் பொறுக்குவார். அனிமேஷனில் அந்தப் பொறுக்கல் முன்பே, பென்சிலும் காகிதமுமாக முடிந்துவிட வேண்டும். அந்த வேலைக்குப் பெயர்தான் ஸ்டோரிபோர்டு.

கதையை வரிசையான சிறு படங்களாக வரைந்து சுவரில் குத்திவைக்கும் பழக்கம் 1930களின் தொடக்கத்தில் வால்ட் டிஸ்னி ஸ்டுடியோவில் வேரூன்றியது. வெப் ஸ்மித் என்ற கதைக் கலைஞர் தொடங்கிவைத்தார் என்பார்கள். குத்திவைத்த படத்தைப் பிடுங்கி வேறு இடத்தில் குத்தலாம், பிடிக்காவிட்டால் குப்பையில் போடலாம் என்பதுதான் அதன் வசதி. இன்று திரையில் வரைகிறார்கள், வசதி அதேதான். பேசிக்கொண்டிருக்கும் இரண்டு பேரைக் காட்டும் காட்சிக்கு ஸ்டோரிபோர்டு சுமாராக இருந்தாலும் தப்பித்துவிடலாம். துரத்தல் காட்சியில் அது நடக்காது. இரண்டு உருவங்கள், மாறிக்கொண்டே இருக்கும் இடம், நொடிக்கு நொடி வெட்டு. ஓரிடத்தில் பார்வையாளருக்குத் திசை தப்பினால், அவர் தன்னை நிதானப்படுத்திக்கொள்வதற்குள் மூன்று ஷாட் போய்விடும்.

இதைப் பொதுவாகப் பேசினால் பிடிபடாது. ஒரு நிமிடத் துரத்தல் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நாள். கதிர் என்ற பையன் திண்ணையில் ஹால் டிக்கெட்டை வைத்துவிட்டுச் செருப்பு மாட்டக் குனிகிறான். ஒரு வெள்ளாடு அதைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது. ஓடுவது மட்டுமில்லை, மென்றுகொண்டே ஓடுகிறது. அவ்வளவுதான் கதை. வசனம் கிடையாது.

இதை வரைய உட்காருபவர் முதலில் போடவேண்டியது ஆட்டின் முகமோ கதிரின் பதற்றமோ இல்லை, ஊரின் வரைபடம். ஒரு தாளில் மேலிருந்து பார்ப்பதுபோல் தெரு, சந்தை, முட்டுச்சந்து, பள்ளிக்கூடம். பள்ளி திரையின் வலப்பக்கம் என்று முடிவு செய்கிறோம். வீடு நடுவில். ஆடு கவ்விக்கொண்டு இடப்பக்கமாக ஓடுகிறது. இந்த ஒரு முடிவில் பாதி வேலை முடிந்துவிட்டது. இனி கதிர் இடப்பக்கமாக எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் தேர்வறையை விட்டு அவனைத் தூரமாகக் கொண்டுபோகிறது. யாரும் சொல்லாமலே பார்வையாளருக்கு அது வயிற்றில் தெரியும். திசை என்பது போக்குவரத்து விதி மட்டுமில்லை, கதையும் அதில்தான் இருக்கிறது.

விதி என்று ஒன்று இருப்பதும் உண்மை. ஆட்டையும் கதிரையும் இணைத்து, அவர்கள் ஓடும் பாதையில் ஒரு கோடு இழுத்துக்கொள்ள வேண்டும். கேமரா அந்தக் கோட்டின் ஒரு பக்கத்திலேயே இருக்கும்வரை இருவரும் திரையில் ஒரே திசையில் ஓடுவார்கள். கேமரா கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போன மறுநொடி, இடப்பக்கம் ஓடியவர் வலப்பக்கம் ஓடுவதாகத் தெரியும். தெருவில் அவர் திரும்பவே இல்லை, திரையில் திரும்பிவிட்டார். இதைத்தான் 180 டிகிரி விதி என்கிறார்கள்.

பள்ளியிலும் கல்லூரியிலும் அனிமேஷன் படிக்கும் மாணவர்கள் இந்த விதியை ஒப்பித்துவிடுவார்கள். ஆனாலும் தவறு நுழையும். எப்படி என்றால், அழகான ஒரு கோணம் மனதில் வந்துவிடும். ஆடு இடப்பக்கம் ஓடும் பேனலுக்கு அடுத்து, கதிர் ஒரு தள்ளுவண்டிக்குப் பின்னாலிருந்து சீறி வருவதாக வரைவார்கள். அந்தப் பேனல் தனியாகப் பார்த்தால் பிரமாதமாக இருக்கும். அதில் கதிர் வலப்பக்கம் ஓடிக்கொண்டிருப்பான். இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டினால், ஆடும் கதிரும் எதிரெதிரே வந்து மோதப்போகிறார்கள் என்றுதான் கண் படிக்கும். துரத்தல் போய், மோதல் வந்துவிடும்.

இதைப் பிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. எல்லாப் பேனல்களையும் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றின் கீழும் ஓட்டத்தின் திசைக்கு ஓர் அம்புக்குறி மட்டும் போடவேண்டும். பிறகு படங்களை மறைத்துவிட்டு அம்புகளை மட்டும் வாசிக்கவேண்டும். இடது, இடது, இடது, வலது, இடது என்று வந்தால், அந்த ‘வலது’ அங்கே ஏன் இருக்கிறது என்பதற்குப் பதில் சொல்லத் தெரியவேண்டும். பதில் இல்லையென்றால் அந்தப் பேனலைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரட்டிப்போட்டால் போதும். கணினியில் அது ஒரே கட்டளை. ஆனால் புரட்டும்போது கடைப் பலகையின் எழுத்தும் திரும்பிவிடும், தோள்பை மறுதோளுக்கு மாறிவிடும். அவற்றைச் சரிசெய்ய மறக்கக் கூடாது.

நிக் பார்க்கின் ரயில் துரத்தலில் இந்தச் சிக்கலுக்குக் கதையே ஒரு தீர்வைத் தந்திருக்கிறது: தண்டவாளம். இழுக்கவேண்டிய கற்பனைக் கோடு தரையிலேயே இரும்பாகக் கிடக்கிறது. எங்கே வெட்டினாலும் அது எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பார்த்தே முன்னும் பின்னும் விளங்கிவிடுகிறது. நம் ஆட்டுக்குத் தண்டவாளம் கிடையாது. அதனால் இடத்தை உணர்த்த வேறு அடையாளங்கள் வேண்டும். தெருவின் ஓரமாகவே போகும் ஒரு நீல நிறச் சுவர், தூரத்தில் பள்ளியின் மணிக்கூண்டு. எந்த அகலமான ஷாட்டிலும் மணிக்கூண்டு வலப்பக்கமே இருக்கட்டும்.

திசை மாறவே கூடாதா என்றால், மாறலாம். மாறுவதைப் பார்வையாளர் கண்ணால் பார்க்கவேண்டும், அவ்வளவே. நம் கதையில் அப்படி ஒரு திருப்பம் நடுவில் இருக்கிறது. ஆடு முட்டுச்சந்துக்குள் ஓடிவிடுகிறது. அங்கிருந்து திரும்பி, பள்ளி இருக்கும் பக்கமாகவே ஓடப்போகிறது. இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஆறு ஷாட்.

முதல் ஷாட், கொஞ்சம் உயரத்திலிருந்து அகலமாக. சந்தின் இடக்கோடியில் சுவர். ஆடு வலப்பக்கமிருந்து நுழைந்து இடப்பக்கம் ஓடுகிறது, பின்னால் கதிர். இரண்டு நொடி, அதாவது 48 ஃபிரேம். இடம் புதிது என்பதால் ஆடு நுழைவதற்கு முன் அரை நொடியாவது காலிச் சந்தைக் காட்டிவிடுவது நல்லது. அப்போதுதான் முட்டுச்சுவரை நாம் ஆட்டுக்கு முன்னால் பார்த்துவிடுவோம். ‘மாட்டிக்கிச்சு’ என்று தோன்றிவிடும்.

இரண்டாவது, ஆட்டுக்கு நேர் எதிரே. அது கேமராவை நோக்கி வந்து சறுக்கி நிற்கிறது. இதில் இடமும் இல்லை, வலமும் இல்லை. கேமராவை நோக்கி வரும் அல்லது கேமராவை விட்டுப் போகும் இத்தகைய ஷாட்டை நடுநிலை ஷாட் என்பார்கள். கோட்டைத் தாண்டவேண்டிய அவசியம் வந்தால் இதன்மேல் ஏறித்தான் தாண்டவேண்டும். 20 ஃபிரேம் போதும்.

மூன்றாவது, பக்கவாட்டில் இருந்து. ஆடு நம் கண்முன்னே உடலைத் திருப்பி வலப்பக்கம் பார்க்கிறது. வலது ஓரத்தில் கதிர், கைகளை அகல விரித்துச் சந்தை அடைத்து நிற்கிறான். இப்போது இருவரும் எதிரெதிர். முன்பு தவறாக வந்த அதே மோதல் தோற்றம் இங்கே வேண்டுமென்றே வருகிறது. 36 ஃபிரேம். இதில் பாதி நேரம் ஒருவரும் அசையமாட்டார்கள். அந்த அசையாமை இல்லாவிட்டால் அடுத்து வரும் பாய்ச்சலுக்கு வேகமே இருக்காது.

நான்காவது, தரையோடு தரையாகக் கேமரா. ஆடு கதிரின் கால்களுக்கு நடுவே பாய்கிறது; அவன் குனிந்து காகிதத்தைப் பிடிக்கிறான்; அது கிழிகிறது. 30 ஃபிரேம். ஐந்தாவது, குளோசப். கையில் மிஞ்சிய பாதி. அதில் கதிரின் புகைப்படம் இருக்கிறது, தேர்வு எண் இல்லை. படிக்கவேண்டிய பொருள் ஒன்று திரையில் வந்தால் அவசரப்படக் கூடாது, 32 ஃபிரேம் கொடுக்கிறோம். ஆறாவது, முதல் ஷாட்டின் அதே கேமரா, அதே சந்து. இம்முறை ஆடு வலப்பக்கம் ஓடுகிறது, கதிர் திரும்பித் துரத்துகிறான், எல்லைக்கு அப்பால் மணிக்கூண்டு. 40 ஃபிரேம்.

மொத்தம் 206 ஃபிரேம். நொடிக்கு 24 என்ற கணக்கில் எட்டரை நொடிக்குச் சற்றே கூடுதல். இதில் நான்காவதையும் ஐந்தாவதையும் ஒட்டும் இடத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காகிதம் கிழியும் புள்ளி நான்காவது ஷாட்டில் திரையின் எந்த இடத்தில் இருந்ததோ, ஐந்தாவதில் கையிலிருக்கும் காகிதமும் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கவேண்டும். பார்வையாளரின் கண் ஏற்கெனவே அங்கேதான் நிற்கிறது. தேட வைக்காமல் அங்கேயே கொடுத்துவிட்டால், 32 ஃபிரேமும் படிக்கப் பயன்படும். மூலைக்குத் தள்ளினால், முதல் பத்து ஃபிரேம் தேடுவதிலேயே வீணாகிவிடும்.

இந்த நுணுக்கத்தை ஒரு முழுநீளப் படத்துக்கே அடித்தளமாக வைத்தவர் ஆஸ்திரேலிய இயக்குநர் ஜார்ஜ் மில்லர். 2015இல் வந்த ‘மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்’ அனிமேஷன் அல்ல; ஆனால் அது சுமார் 3,500 ஸ்டோரிபோர்டு படங்களாகத்தான் முதலில் உருவானது. பாலைவனத்தில் இரண்டு மணி நேரத் துரத்தல், வெட்டுகளோ ஆயிரக்கணக்கில். முக்கியமானது எதுவாக இருந்தாலும் அதைத் திரையின் நடுவிலேயே வைக்கவேண்டும் என்று ஒளிப்பதிவாளர் ஜான் சீலிடம் மில்லர் கேட்டுக்கொண்டார். அதனால் ஒவ்வொரு வெட்டிலும் கண் அலையாமல் நடுவிலேயே நிற்கிறது. அந்தப் படத்திலும் வண்டிகள் ஒரு திசையில் போய், வந்த வழியே திரும்புகின்றன என்பதைக் கவனிக்கலாம். போனதையும் வந்ததையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை.

ஓடி ஒருவர் திரையை விட்டு வெளியேறும் இடத்திலும் இதே கண் கணக்குத்தான். இடப்பக்கம் வெளியேறும் ஆடு, அடுத்த ஷாட்டில் வலப்பக்கத்திலிருந்து நுழையவேண்டும். அதாவது கண் திரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தாவவேண்டும். தாவுவதற்குச் சில ஃபிரேம் பிடிக்கும். அதற்காக, அடுத்த ஷாட்டில் ஆடு நுழையும்முன் வெற்றிடத்தைக் கொஞ்சம் காட்டுவார்கள். அல்லது முதல் ஷாட்டில் ஆடு முழுக்க வெளியேறும்வரை காத்திருக்காமல், அதன் முகம் விளிம்பைத் தாண்டியதும் வெட்டிவிடுவார்கள். துரத்தல் வேகமெடுக்க எடுக்க இரண்டாவது வழிதான் கைகொடுக்கும்.

அடுத்தது, தெளிவு. ஒரு பேனலில் ஒரு செய்திதான் இருக்கவேண்டும் என்பார்கள் அனுபவசாலிகள். ஆடு தாவுகிறது, காய்கறிக்காரம்மா கத்துகிறார், கதிர் தடுக்கி விழுகிறான். மூன்றையும் ஒரே படத்தில் திணிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். நிலைப்படமாக வரைந்தால் சந்தையின் கலகலப்பு அருமையாகத் தெரியும். ஓடும் படத்தில் அது ஒரு நொடிதான் நிற்கும். அந்த ஒரு நொடியில் கண் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளும். எதை எடுத்துக்கொள்ளவேண்டும் என்பதை வரைபவர் முடிவு செய்யாவிட்டால், ஆளுக்கொன்றை எடுத்துக்கொள்வார்கள்.

முடிவு செய்வதற்கான கருவி நிழலுரு. உருவத்தின் உள்ளே இருக்கும் கண், மூக்கு, சட்டை எல்லாவற்றையும் கறுப்பால் நிரப்பிவிட்டாலும் அது என்ன செய்கிறது என்று தெரியவேண்டும். ஆட்டை நேர்முன்னிருந்து வரைந்து வாயில் காகிதத்தை வைத்தால், கறுப்பு நிரப்பியதும் காகிதம் காணாமல் போகும். அதே ஆட்டைப் பக்கவாட்டில் திருப்பி வரைந்தால், வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காகிதம் தனியாகத் தெரியும். இன்னொரு சோதனை, பேனலைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பது. அந்த அளவிலும் விளங்கினால் கைபேசித் திரையிலும் விளங்கும். குறும்படங்களை இன்று பெரும்பாலோர் பார்ப்பது அங்கேதான்.

நம் கதையில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. சந்தையைத் தாண்டினால் எதிரே ஓர் ஆட்டு மந்தை. நம் ஆடு அதற்குள் புகுந்துவிடுகிறது. திரையில் முப்பது ஆடுகள். எது நம்முடையது? இந்தக் கேள்வி கதிருக்கு வரலாம், அது நகைச்சுவை. பார்வையாளருக்கு நீண்ட நேரம் வந்தால் அது கோளாறு. ஆகவே நம் ஆட்டைக் கறுப்பாக வைத்து மந்தையை வெளிறிய நிறத்தில் வைத்தால், கறுப்பு உடலின்மேல் வெள்ளைக் காகிதமும் பளிச்சென்று தெரியும், மந்தைக்குள்ளும் ஆடு தொலையாது. இதை ஸ்டோரிபோர்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும். நிறம் தீட்டும் கட்டத்தில் வந்து சொன்னால், அதற்குள் வரைந்து முடித்த ஷாட்டுகளை எல்லாம் திருத்த நேரிடும்.

ரயில் காட்சியில் தெளிவுக்குச் செய்த ஒரு வேலையைச் சொல்லாமல் விடமுடியாது. பொம்மையை நகர்த்திப் படமெடுக்கும் முறையில் எல்லாமே கூர்மையாகப் பதிவாகும். வேகம் தெரியாது. அதற்காகப் படத்துக்குப் படம் கேமராவின் கண்ணைச் சற்று நேரம் திறந்தே வைத்து, அந்த நேரத்தில் கேமராவையும் ரயிலையும் சேர்த்து நகர்த்தினார்கள். கேமராவோடு நகரும் நாயும் பெங்குவினும் கூர்மையாக விழுந்தன. நகராத சுவர்க் காகிதப் பூக்கள் கோடு கோடாகக் கலங்கி விழுந்தன. வேகம் பின்னணியில், செய்தி முன்னணியில். வேகத்தைக் காட்டுவதற்காக உருவத்தையே கலக்கிவிடும் படங்களை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

இனி, பதற்றம் ஏறுவது எப்படி? பலரும் வேகத்தைக் கூட்டினால் பதற்றம் கூடும் என்று நம்புகிறார்கள். அரை நிமிடத்துக்குமேல் அந்த நம்பிக்கை பலிக்காது. வேகத்துக்குக் கண் பழகிவிடும். டாமும் ஜெர்ரியும் எவ்வளவு வேகமாக ஓடினாலும், ஓட்டத்தால் மட்டும் யாரும் சிரித்ததில்லை. ஓட்டத்துக்கு நடுவே சிக்கலின் தன்மை மாறும்போதுதான் சிரித்தார்கள்.

ரயில் துரத்தலை அப்படிப் பிரித்துப் பார்க்கலாம். முதலில் பிரச்சினை தூரம்: பெங்குவின் முன்னால் இருக்கிறது, எட்டவேண்டும். அடுத்து அது சுடத் தொடங்குகிறது: இப்போது எட்டினால் ஆபத்து. பிறகு நாய் இருக்கும் வண்டி தனியாகப் பிரிந்து, தண்டவாளம் முடிகிற பக்கமாக ஓடத் தொடங்குகிறது: இப்போது பெங்குவினை மறந்துவிடலாம், நாயின் பாடே திண்டாட்டம். அப்போதுதான் கிராமிட் என்ற அந்த நாய் உதிரித் தண்டவாளத் துண்டுகள் இருக்கும் பெட்டியை எடுத்து, ஓடும் ரயிலுக்கு முன்னால் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகிறது. உலகெங்கும் அனிமேஷன் வகுப்புகளில் காட்டப்படும் கணம் அது. அந்த இடத்தில் ரயிலின் வேகம் கூடினதா என்று யாரும் கேட்பதில்லை. நொடிக்கொரு தடவை ‘அடுத்த துண்டு விழுமா’ என்ற கேள்வி எழுந்து, பதில் கிடைத்து, மறுபடி எழுகிறது.

ஆக, ஒவ்வொரு கட்டத்திலும் இழக்கப்போவது என்ன என்பது கண்ணுக்குத் தெரியவேண்டும். நம் கதைக்கு ஹால் டிக்கெட்டே அளவுகோல். முதலில் ஆடு ஒரு மூலையைத் தின்கிறது. அங்கே வெறும் வெள்ளைக் காகிதம், போனால் போகிறது. சந்தையில் பள்ளியின் பெயர் இருக்கும் வரி போகிறது. முட்டுச்சந்தில் கிழிந்து, எண் இருக்கும் பாதி ஆட்டிடமே தங்கிவிடுகிறது. கடைசியில் ஆடு ஒரு குட்டி யானை வண்டியின் பின்பக்கம் தாவி ஏறிக்கொள்கிறது. வண்டியோ பள்ளிக்கூடம் பக்கம் போகிறது. ஆடு எண்ணின் முதல் இலக்கத்தை மெல்லத் தொடங்குகிறது. மூலையைத் தின்னும் படத்தையும் இலக்கத்தைத் தின்னும் படத்தையும் ஒரே அளவு குளோசப்பாக, ஒரே கோணத்தில் வரைவது நல்லது. அப்போதுதான் காகிதம் சிறுத்திருப்பது ஒப்பிட்டுத் தெரியும். கோணத்தை மாற்றினால் அழகு கூடும், அளவு தெரியாது.

இந்தக் கட்டங்களைச் சந்தையில் ஒரு தடை, பிறகு மந்தை, பிறகு வண்டி என்று பட்டியல்போல் அடுக்கிவிடும் அபாயமும் உண்டு. எந்தக் கட்டத்தை இடம் மாற்றிப்போட்டாலும் கதை கெடவில்லை என்றால் அது பட்டியல்தான். மந்தைக்குள் கதிர் தவறான ஆட்டைப் பிடித்து நேரத்தை விடுகிறான்; அதனால் குறுக்குவழியாகச் சந்துக்குள் ஆட்டை மடக்கப் பார்க்கிறான்; மடக்கியதால்தான் காகிதம் கிழிகிறது. கதிரின் முயற்சியே அடுத்த கேட்டைக் கொண்டுவருகிறது என்று கோத்துவிட்டால், பேனல்களைக் கலைத்து அடுக்க முடியாது.

வரைந்தவற்றை எல்லாம் ஒன்று சேர்த்து, ஒவ்வொன்றும் எத்தனை ஃபிரேம் நிற்கும் என்று குறித்து, தற்காலிகமாக ஒலியும் சேர்த்து ஓட்டிப்பார்ப்பது அனிமேட்டிக். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ‘ஸ்டோரிபோர்டர்’ என்ற மென்பொருள் இலவசம், பிளெண்டரும் இலவசம், காகிதத்தில் வரைந்து கைபேசியில் படமெடுத்து ஏதாவது ஒரு எடிட்டிங் செயலியில் கோத்தாலும் வேலை நடக்கும். முதல் அனிமேட்டிக் பெரும்பாலும் நீளமாகத்தான் வரும். ஒரு நிமிடம் என்று நினைத்தது எண்பது நொடி ஓடும். அப்போது ஷாட்டுகளை எல்லாம் ஒரே விகிதத்தில் சுருக்கக் கூடாது. சுருக்கினால் படிக்கவேண்டிய குளோசப்பும், ஆடு நின்று யோசிக்கும் அசைவற்ற தருணமும்தான் முதலில் சாகும். ஒரே செய்தியை இரண்டு முறை சொல்லும் ஷாட்டைத் தேடி முழுசாகத் தூக்கிவிடுவதே சரி.

தூக்குவது மனதுக்குக் கஷ்டம், கணக்குக்கு லாபம். ஒரு நிமிடம் என்றால் 1,440 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்தி வைக்கும் வழக்கமான முறையில் ஓர் உருவத்துக்கு 720 படம், ஆட்டுக்கும் கதிருக்கும் சேர்த்து 1,440. அனிமேட்டிக்கில் ஐந்து நொடியைத் தூக்கினால் 120 படம் மிச்சம். தனியாக உட்கார்ந்து குறும்படம் செய்பவருக்கு அது வாரக்கணக்கான உழைப்பு.

கடைசிச் சோதனைக்குக் கதை தெரியாத ஒருவர் வேண்டும். வீட்டில் இருக்கும் அத்தையோ தம்பியோ போதும், அனிமேஷன் தெரிந்த நண்பர் வேண்டாம். ஒலியை அணைத்துவிட்டு அனிமேட்டிக்கை ஒரே ஒரு முறை காட்டவேண்டும். நடுவில் விளக்கம் சொல்லக் கூடாது. முடிந்ததும் மூன்று கேள்வி: பள்ளிக்கூடம் எந்தப் பக்கம்? ஆடு எப்போது திரும்பியது? கடைசியில் காகிதத்தில் என்ன மிச்சம்? முதல் கேள்வியில் தடுமாறினால் அகலமான ஷாட்டுகளில் மணிக்கூண்டைத் தேடவேண்டும்; ஒன்றிரண்டில் அது இடம்மாறியிருக்கும், அல்லது காணாமலே போயிருக்கும். இரண்டாவதில் தடுமாறினால் சந்தின் மூன்றாவது ஷாட்டுக்கு இன்னும் எட்டுப் பத்து ஃபிரேம் சேர்க்கவேண்டும். மூன்றாவதில் தடுமாறினால் குளோசப்பில் புகைப்படத்தைப் பெரிதாக வரையவேண்டும். திருத்திவிட்டு மறுபடி காட்டும்போது அதே அத்தையிடம் காட்டிப் பயனில்லை. அவருக்கு இப்போது கதை தெரியும். பக்கத்து வீட்டுக் கதவைத்தான் தட்டவேண்டும்.